சொந்த லாரியா, கிலோமீட்டர் வாடகையா: காங்கேயத்து அரிசி ஆலைக்கு ஒரு கணக்கு

காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலை. மாதம் முழுக்க சென்னை செங்குன்றம் மண்டிகளுக்கு அரிசி போகிறது. ஈரோடு, சங்ககிரி, சேலம், உளுந்தூர்பேட்டை வழியாக ஒரு பக்கத்துக்குச் சுமார் 450 கிலோமீட்டர். இதுவரை எல்லாம் வாடகை வண்டிதான். வருடக் கடைசியில் லாரி வாடகைத் தொகையைக் கூட்டிப் பார்த்ததும் முதலாளிக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இவ்வளவு கொடுப்பதற்கு நாமே நான்கு வண்டி வாங்கிவிடலாமே?

வாங்கலாமா என்பதைத் தீர்மானிக்க இரண்டு கோடு போதும். சொந்த வண்டியின் கோடு மேலே தொடங்கி மெதுவாக ஏறும். வண்டி ஓடாவிட்டாலும் ஆகிற செலவு அதன் தொடக்கம், கிலோமீட்டருக்கு ஆகிற செலவு அதன் சரிவு. வாடகைக் கோடு பூஜ்யத்தில் தொடங்கிச் செங்குத்தாக ஏறும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் சமநிலைப் புள்ளி. ஆனால் எந்த வாடகையோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் புள்ளி இடம் மாறும், சில சமயம் இல்லாமலே போகும். பலருடைய கணக்கு தப்புவது இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

கீழே வரும் ரூபாய் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பில் புத்தகத்தில் இருப்பதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வழிமுறை மாறாது.

ஓடாவிட்டாலும் ஆகும் செலவு

வண்டி பத்துச் சக்கர டாரஸ். 2018இல் அச்சுச் சுமை விதியைத் திருத்திய பிறகு இதன் மொத்த எடை 28.5 டன் வரை அனுமதி. வண்டி எடை போக 18 டன் அரிசி தாராளமாக ஏற்றலாம். சேஸி, நாமக்கல்லில் பாடி கட்டும் செலவு, தார்ப்பாய், கயிறு எல்லாம் சேர்த்து 40 லட்சம் என்று வைப்போம். 2025 செப்டம்பரில் சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியிருக்கிறது. பழைய கொட்டேஷனை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

| வருடச் செலவு, ஒரு வண்டிக்கு | ரூபாய் |
|---|---|
| தேய்மானம் (40 லட்சத்துக்கு வாங்கி 6 வருடம் கழித்து 13 லட்சத்துக்கு விற்பது) | 4,50,000 |
| முதலுக்கான வட்டி (சராசரி 26.5 லட்சத்துக்கு 10%) | 2,65,000 |
| டிரைவர் சம்பளம், போனஸ், பி.எஃப். | 2,75,000 |
| இன்சூரன்ஸ் | 90,000 |
| சாலை வரி, நேஷனல் பர்மிட், எஃப்சி, ஜிபிஎஸ் | 60,000 |
| நிறுத்துமிடம், வண்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தில் பங்கு | 60,000 |
| மொத்தம் | 12,00,000 |

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. 20 டன்னிலிருந்து 40 டன் வரையிலான வண்டிக்கு 2022இல் 43,950 ரூபாய் என்று அறிவித்தார்கள். மீதி, வண்டிச் சேதத்துக்கான பிரீமியம்.

இந்தப் பட்டியலில் மாதத் தவணை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். 30 லட்சம் கடனை ஐந்து வருடத்தில், 10 சதவீத வட்டியில் அடைத்தால் தவணை மாதம் ஏறக்குறைய 63,700 ரூபாய் வரும். அதைச் செலவாக எழுதுகிறவர்கள் முதல் ஐந்து வருடம் வண்டி நஷ்டம் என்றும், கடன் முடிந்த மறுநாளிலிருந்து வண்டி ‘சும்மா ஓடுகிறது’ என்றும் சொல்வார்கள். இரண்டுமே சரியில்லை. கடன் அடைந்த பிறகும் வண்டியின் விலை மாதாமாதம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தவணை என்பது கையில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான எண். லாபமா நஷ்டமா என்று பார்க்கத் தேய்மானமும் வட்டியும்தான் வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்கினாலும் வட்டியை விடக்கூடாது, அந்தப் பணம் நெல் கொள்முதலுக்குப் போயிருக்கும்.

ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியையும் சேர்க்கவில்லை. எந்த வண்டியில் போனாலும் அது ஒரே தொகை, ஒப்பீட்டில் அதற்கு வேலை இல்லை.

கிலோமீட்டருக்கு ஆகும் செலவு

இதில் டீசல்தான் பெரும்பங்கு. லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 23 ரூபாய் 25 காசு. பி.எஸ். 6 வண்டி என்பதால் ஆட்புளூவும் ஊற்ற வேண்டும், அதற்கு 75 காசு. டோல் 3.50. டயர் 2.75. பத்து டயரும் ரீட்ரெடிங் செலவும் சேர்ந்து வரும் தொகையை, அவை ஓடும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது இது. ஆயில், சர்வீஸ், பட்டறை வேலை 2.50. டிரைவர் பேட்டா 3.25. வழிச்செலவு 1 ரூபாய். எல்லாம் சேர்த்து லோடு வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 37 ரூபாய்.

காலி வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுக்கும். ஆனால் டோல் குறையாது, பேட்டா குறையாது, டயர் தேய்மானமும் பெரிதாகக் குறைவதில்லை. ஆக காலி ஓட்டம் கிலோமீட்டருக்கு 32 ரூபாய். லோடுக்கும் காலிக்கும் வித்தியாசம் வெறும் 5 ரூபாய்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒப்பீடு: இரு பக்கமும் கிலோமீட்டர் வாடகை

ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் வருட ஒப்பந்தத்துக்கு வருகிறார். வண்டி ஆலையை விட்டுக் கிளம்பித் திரும்பி வந்து நிற்கும் வரை, போக வர எல்லாக் கிலோமீட்டருக்கும் 50 ரூபாய். நமக்குச் சொந்தமாக ஓட்ட ஆவது லோடும் காலியும் சராசரியாக 34.50. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 15.50 மிச்சம்.

```
சமநிலைக் கி.மீ. = நிலைச் செலவு ÷ (வாடகை − ஓட்டச் செலவு)
              = 12,00,000 ÷ (50 − 34.50)
              = சுமார் 77,400 கி.மீ. ஒரு வருடத்துக்கு
```

மாதத்துக்கு 6,450 கிலோமீட்டர், அதாவது ஏழு நடைக்குக் கொஞ்சம் மேல். போய்வர 900 கிலோமீட்டர். ஏற்ற ஒரு பொழுது, இறக்க ஒரு பொழுது, நடுவில் டிரைவர் தூங்க வேண்டும். மூன்று நாளுக்குக் குறையாமல் ஆகும். செங்குன்றத்தில் முன்னால் ஏழெட்டு வண்டி நின்றால் நான்கு நாள். ஆக மாதத்துக்கு எட்டு நடை என்பது நியாயமான எதிர்பார்ப்பு. எஃப்சி வேலை, பட்டறை, டிரைவர் ஊருக்குப் போவது என்று வருடத்தில் அரை மாதம் கழித்தால் பதினொன்றரை மாதம், 82,800 கிலோமீட்டர். சமநிலையைத் தாண்டிவிட்டது, ஆனால் மிச்சம் வருடத்துக்கு 84,000 ரூபாய்க்குள்தான். 40 லட்சம் போட்டு, இரவு இரண்டு மணிக்கு வரும் பிரேக்டவுன் போனையும் எடுத்துக்கொண்டு, கிடைப்பது இவ்வளவு.

இந்த அளவோடு கணக்கை நிறுத்தி ‘சரி, நஷ்டமில்லை, வாங்கிவிடலாம்’ என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. ஆனால் சென்னை போல இரு பக்கமும் சரக்கு நடமாடும் ஊருக்கு யாரும் போக வர வாடகை கொடுப்பதில்லை. அங்கே ஒப்பிட வேண்டியது வேறு வாடகை.

இரண்டாவது ஒப்பீடு: ஒரு பக்க வாடகை

புக்கிங் ஆபீஸுக்குப் போன் போட்டால் காங்கேயம்–சென்னைக்கு ஒரு பக்க வாடகைதான் சொல்வார்கள். டன்னுக்கு 1,500 என்று வைத்தால் 18 டன்னுக்கு 27,000. லோடு ஓடும் கிலோமீட்டருக்கு 60 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் 50ஐவிட 60 அதிகம், சொந்த வண்டிக்கு இன்னும் சாதகம் என்று தோன்றும்.

அரிசியை இறக்கிவிட்டு நம் வண்டி காலியாகத் திரும்புகிறது என்று வைத்துப் பாருங்கள். போகும்போது 450 × 37 = 16,650. வரும்போது 450 × 32 = 14,400. மொத்தம் 31,050 ரூபாய். வாடகை வண்டிக்கு 27,000தான். தேய்மானம், வட்டி, டிரைவர் சம்பளம் எதையும் சேர்க்காமலே நடைக்கு 4,050 ரூபாய் கூடுதல். இங்கே சமநிலைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. நம் கோடு மேலே தொடங்குவது மட்டுமல்ல, வாடகைக் கோட்டைவிடச் செங்குத்தாகவும் ஏறுகிறது. எவ்வளவு அதிகம் ஓட்டுகிறோமோ அவ்வளவு அதிகம் நஷ்டம். ‘வண்டியை நிற்கவிடாமல் ஓட்டினால் கட்டுபடியாகிவிடும்’ என்ற ஆறுதல் இதற்குப் பொருந்தாது.

ரிட்டர்ன் லோடு பிடித்தால்? சென்னையிலிருந்து ஈரோடு, திருப்பூர் பக்கம் வரும் லோடுக்கு புரோக்கர் கமிஷன் போக 18,000 கையில் வருகிறது என்று வைப்போம். இரண்டு பக்கமும் லோடு என்பதால் ஓட்டச் செலவு 33,300. அதில் 18,000 போனால் நம் அரிசிக்கு விழுவது 15,300. வாடகை வண்டியோடு பார்த்தால் நடைக்கு 11,700 மிச்சம். 12 லட்சத்தை எடுக்க வருடத்துக்கு 103 நடை வேண்டும். ஆனால் ரிட்டர்ன் லோடுக்காக டிரைவர் சென்னைப் புறநகரில் ஒன்றிரண்டு நாள் காத்திருப்பார், அந்த லோடை இறக்கிவிட்டுக் காலியாக ஆலைக்கு வர வேண்டும். நடைக்கு ஐந்து நாள் ஆகிவிடும். மாதம் ஆறு, பட்டறைக்கு ஒரு நாளும் நிற்காவிட்டாலும் வருடம் 72 நடை. 8.42 லட்சம்தான் மிஞ்சும். நிலைச் செலவுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது.

அப்படியானால் 27,000க்கு ஓட்டுகிற அந்த லாரிக்காரர் எப்படிப் பிழைக்கிறார்? அவருடைய வண்டி ஆறு வருடம் ஓடியது, 16 லட்சத்துக்கு வாங்கியது. அவரே டிரைவர், கணக்குப்பிள்ளையும் அவரே. அவருடைய நிலைச் செலவு ஐந்து லட்சத்தைத் தாண்டாது. சென்னையில் எந்த புரோக்கரிடம் எந்த நாளில் என்ன லோடு கிடைக்கும் என்று பல வருடமாகத் தெரிந்தவர். தன் உழைப்புக்கு மாதம் இருபத்தைந்தாயிரம் மிஞ்சினால் அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுவார். சந்தை வாடகையைத் தீர்மானிப்பது இவருடைய செலவுதான், புது வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிற ஆலையின் செலவு அல்ல. அரிசி ஆலை முதலாளி அவரோடு அவருடைய தொழிலிலேயே போட்டி போட்டு ஜெயிப்பது கடினம்.

நம்முடைய சரக்கே திரும்பி வந்தால்

ஆனால் ஆலைக்கு ஒரு வசதி உண்டு, லாரிக்காரருக்கு அது கிடையாது. அரிசி வெளியே போவதைப் போல நெல் உள்ளே வர வேண்டும். சென்னையிலிருந்து திரும்பும் வழியில்தான் விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் இருக்கின்றன, இரண்டும் நெல் விளையும் பகுதி. ஆலை அந்தப் பக்கம் கொள்முதல் செய்கிறதென்றால் ரிட்டர்ன் லோடுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

செங்குன்றத்திலிருந்து விழுப்புரம் வரை 160 கிலோமீட்டர் காலி, அங்கிருந்து காங்கேயம் 290 கிலோமீட்டர் நெல் லோடு என்று வைத்துக்கொள்வோம். அரிசி 16,650, காலி ஓட்டம் 5,120, நெல் 10,730. மொத்தம் 32,500 ரூபாய். இதே வேலையை வாடகைக்கு விட்டால் அரிசிக்கு 27,000, நெல்லுக்குக் கிலோமீட்டர் 60 கணக்கில் 17,400, ஆக 44,400. நடைக்கு 11,900 மிச்சம். புரோக்கரின் ரிட்டர்ன் லோடில் கிடைத்ததும் கிட்டத்தட்ட இதே தொகைதான், ஆனால் இங்கே காத்திருக்கும் நாள் இல்லை. வண்டி விழுப்புரம் சேர்வதற்கு முன்பே மூட்டை தைத்து அடுக்கி வைத்திருக்கலாம்.

சமநிலைக்கு வருடம் 101 நடை வேண்டும். மாதம் எட்டு நடை என்றால் பதினொன்றரை மாதத்துக்கு 92, கொஞ்சம் குறைகிறது. ஒன்பது என்றால் 103, தாண்டிவிடுகிறது. முழு முடிவும் இந்த ஒரு நடையில் நிற்கிறது. அந்த ஒரு நடை கிடைப்பதும் போவதும் சாலையில் அல்ல, செங்குன்றத்தில் இறக்கக் காத்திருக்கும் நேரத்தில்தான். மண்டிக்காரரிடம் பேசி நம் வண்டிக்கு விடிகாலை இறக்கு முறை வாங்க முடிந்தால் அது வண்டி விலையில் கிடைக்கும் எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரிது.

இன்னொன்று, வாடகை எப்போதும் 27,000 அல்ல. பொங்கல், தீபாவளி நேரத்தில் வண்டி கிடைக்காமல் 33,000, 35,000 கொடுத்தும் அனுப்ப வேண்டியிருக்கும். போனில் இன்று சொன்ன விலையைப் போடாமல், கடந்த வருடம் கொடுத்த எல்லா வாடகையின் சராசரியைப் போடுங்கள்.

மைலேஜ் அரை கிலோமீட்டர் குறைந்தால்

டீசல் விலை ஏறினால் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஐந்து ரூபாய் ஏறினால் நம் நடைச் செலவு ஆயிரத்துச் சொச்சம் ஏறும். கொஞ்ச நாளில் சந்தை வாடகையும் ஏறக்குறைய அதே அளவு ஏறிவிடும். இரண்டு கோடும் சேர்ந்து ஏறுவதால் வெட்டும் இடம் பெரிதாக நகராது. பயப்பட வேண்டியது மைலேஜுக்கு. லோடு மைலேஜ் 4லிருந்து 3.5க்கு இறங்கினால் 740 லோடு கிலோமீட்டருக்கு 26 லிட்டர் கூடுதல், நடைக்கு 2,450 ரூபாய். மிச்சம் 9,450 ஆகச் சுருங்கும், சமநிலை 101லிருந்து 127 நடைக்கு ஓடிவிடும். அத்தனை நடை எந்த வண்டியாலும் ஓட முடியாது. இந்த இழப்பு வாடகை வண்டியில் லாரிக்காரர் தலையில் விழும், சொந்த வண்டியில் நம் தலையில்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு நடைக்கும் கிளம்பும் முன் ஒரே பங்க்கில் டேங்கை விளிம்புவரை நிரப்பி, திரும்பியதும் அதே பங்க்கில் மறுபடி விளிம்புவரை நிரப்பி, ஊற்றிய லிட்டரை ஓடோமீட்டர் தூரத்தோடு ஒரு நோட்டில் எழுதுவது. வழியில் ஊற்றியதற்கான பில்லையும் அதிலேயே சேர்க்க வேண்டும். மாதச் சராசரி பார்த்தால் தெரியாது. ஒரு நடையில் 4.1, அடுத்ததில் 3.4 என்று வந்தால் ஏர் ஃபில்டர், டயர் காற்று, இன்ஜெக்டர் என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் டீசல் இறங்குகிறதா என்று கேட்க வேண்டிய நேரம்.

மினிமம் கிலோமீட்டர் என்ற ஷரத்து

திருப்பூர், கோவை, பொள்ளாச்சிக் கடைகளுக்கு விநியோகம் செய்ய ஒரு வண்டி வேண்டும். இது குறைந்த தூரம், திரும்பும்போது எப்போதும் காலி, அதனால் போக வர வாடகைதான் பேசுவார்கள். கூடவே ‘மாதம் 6,000 கிலோமீட்டர் மினிமம்’ என்று ஒரு வரி இருக்கும். 50 ரூபாய் கணக்கில் மாதம் 3 லட்சம் நிச்சயம். ஆனால் விநியோக வண்டி ஓடுவதோ 4,500தான் என்றால் உண்மையில் கிலோமீட்டருக்கு 66 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். அதே 4,500க்குச் சொந்த வண்டி, அதே செலவுக் கணக்கை வைத்தால், நிலைச் செலவு ஒரு லட்சமும் ஓட்டச் செலவு 1,55,250ம் சேர்த்து 2,55,250. மாதம் 44,750 மிச்சம்.

இந்த ஷரத்து வந்ததும் வாடகைக் கோடு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. 6,000 வரை படுத்தே கிடந்து, அப்புறம் ஏறுகிறது. அதனால் வெட்டும் இடம் இரண்டாகிவிடும்: 5,800க்குக் கீழே சொந்த வண்டி மலிவு, 5,800க்கும் 6,450க்கும் நடுவில் வாடகை மலிவு, அதற்கு மேலே மறுபடி சொந்த வண்டி. மினிமம் தூரம் நாம் உண்மையில் ஓட்டும் தூரத்தை ஒட்டியிருக்கும்போது மட்டும்தான் அந்த ஒப்பந்தம் நமக்கு லாபம். விலையில் ஒரு ரூபாய் குறைக்கப் பேசுவதைவிட மினிமத்தை 4,500க்கு இறக்கப் பேசுவது அதிகம் மிச்சம் பிடிக்கும்.

எத்தனை வண்டி?

சென்னை நடைக்கு வருவோம். நான்கு வண்டி வாங்கலாமா என்பது தனிக் கேள்வி அல்ல. முதல் வண்டி வாங்கலாமா, இரண்டாவது வாங்கலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் சமநிலை 101 நடைதான், ஆனால் அடுத்தடுத்த வண்டிக்குக் கிடைக்கும் நடை குறைந்துகொண்டே போகும்.

நம் ஆலையில் மந்தமான மாதத்தில் சென்னைக்கு 20 நடை அரிசி போகிறது, சீசனில் 45. ஆனால் வண்டியின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அரிசி நடை அல்ல, அரிசியும் நெல்லும் ஜோடி சேரும் நடை. மந்தமான மாதங்களில் விழுப்புரம் பக்கத்திலிருந்து 12 நடை நெல்தான் வருகிறது என்று வைப்போம். முதல் வண்டி வருடம் முழுக்க மாதம் ஒன்பது ஜோடி நடை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வண்டிக்கு மிஞ்சுவது மூன்று. ஆறு மாதம் ஒன்பது, ஆறு மாதம் மூன்று என்று ஓடினால் வருடத்துக்கு 72 நடை, 8.57 லட்சம் மிச்சம். 12 லட்சத்துக்கு 3.43 லட்சம் குறைவு. நெல் கிடைக்காத மாதங்களில் ‘சும்மா நிற்கிறதே’ என்று அதைக் காலி ரிட்டர்னில் ஓட்டினால் நடைக்கு 4,050 வீதம் இன்னும் குறையும்.

ஆகவே இந்த ஆலைக்கு என் கணக்கில் ஒரு வண்டி, அதிகபட்சம். அதுவும் முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டுப் போட்ட பிறகு. தேதிவாரியாக அரிசி எப்போது கிளம்பியது, செங்குன்றத்தில் எப்போது இறங்கியது, அந்த வாரத்தில் விழுப்புரத்திலிருந்து நெல் வந்ததா, இரண்டுக்கும் கொடுத்த வாடகை எவ்வளவு. வாடகை வண்டிகளை வைத்தே இதை எழுதலாம். ஒரே வண்டி அரிசியை இறக்கிவிட்டு நெல்லை ஏற்றி வந்திருக்கக்கூடிய நடைகள் மாதம் ஒன்பதுக்குக் குறையாமல் அதில் தெரிந்தால் கொட்டேஷன் வாங்குங்கள். ஆறு ஏழு என்றுதான் வருகிறதென்றால், அதே நோட்டைக் காட்டி ஒரு லாரிக்காரரிடம் அரிசியையும் நெல்லையும் சேர்த்து ஒரே நடையாகப் பேசுங்கள். தனித்தனி வாடகை 44,400 வரும் இடத்தில், ரிட்டர்ன் லோடு உறுதி என்று தெரிந்தால் 41,000க்கு ஒத்துக்கொள்ள அவருக்கும் காரணம் இருக்கிறது.